எட்டாவது டெஸ்ட்

உச்சிப்புளி தாண்டி, ராமேஸ்வரம் சாலையை ஒட்டி இருக்கும் ஒரு கல்லூரியில் கணினித் துறையில் பாடம் எடுக்கிறேன். வார நாட்களில் வழக்கமான வகுப்புகள். சனிக்கிழமை மட்டும், இடையில் படிப்பை விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்களுக்கென்று ஒரு வகுப்பு. அதில் பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுத, அதாவது கோடு எழுத, சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. நான் கடற்கரையிலிருந்து தள்ளி இருக்கும் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். கணினியை முதலில் தொட்டதே கல்லூரிக்கு வந்த பிறகுதான். அதனாலோ என்னவோ, வார நாள் வகுப்புகளை விட இந்தச் சனிக்கிழமை வகுப்பு எனக்கு மனசுக்கு நெருக்கமாக இருந்தது.

மாணவர்களிடமிருந்து எனக்கு வரும் மின்னஞ்சல்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். பொருள் என்ற இடம் காலியாக இருக்கும். உள்ளே, “மேடம் கோடு வேலை செய்யல, என்னன்னு பாருங்க” என்று ஒரு வரி. கூடவே, கணினித் திரையை ஃபோனில் சாய்வாக எடுத்த படம். அதில் பாதியை மின்விசிறி நிழலோ விரலோ மறைத்திருக்கும். எந்தக் கணக்குக்கு எழுதிய கோடு, எங்கே நின்றது, என்ன செய்து பார்த்தார்கள் என்று கேட்டு நான் திரும்ப எழுத வேண்டும். அதற்கு வரும் பதில், “அதான் மேடம் வேலை செய்யல.”

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெண்ணின் மின்னஞ்சல் வந்தது.

சனிக்கிழமை வகுப்பில் வயதில் மூத்தவர் அவர்தான். என்னைவிட ஓரிரு வயது அதிகமாக இருக்கலாம். கீழக்கரைப் பக்கம் பிறந்து மண்டபத்தில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் வளைகுடாவில் வேலை. கல்யாணத்தின்போது பாதியில் விட்ட பட்டப்படிப்பை, மகள் நடுநிலைப் பள்ளிக்குப் போன பிறகு திரும்ப எடுத்திருந்தார். மண்டபத்திலிருந்து பஸ்ஸில் வருவார். முதல் பெஞ்சில், ஜன்னலை ஒட்டி உட்காருவார். வகுப்பில் அதிகம் பேச மாட்டார். எனக்கு அவரைப் பற்றி அதுவரை தெரிந்தது அவ்வளவுதான்.

அந்த வாரம் நான் கொடுத்திருந்த கணக்கு எளிமையானது. படகுத்துறையிலிருந்து கடலுக்குப் போகும் படகுகளின் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொரு எண்ணுக்கும், அது இதற்கு முன் வந்திருந்தால் ‘பழசு’ என்றும், வராவிட்டால் ‘புதுசு’ என்றும் அச்சிட வேண்டும். மாதிரிக்கு ஐந்து எண்கள் கொடுத்திருந்தேன். மாணவர்கள் எழுதும் கோடு கல்லூரி சர்வருக்குப் போகும். அங்கே பத்து டெஸ்ட்டுகள் காத்திருக்கும். ஒவ்வொரு டெஸ்ட்டிலும் எத்தனை எண்கள் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும், எண்கள் தெரியாது. சிறிய டெஸ்ட்டில் பத்து எண், பெரிய டெஸ்ட்டில் இரண்டு லட்சம். எதுவானாலும் இரண்டு விநாடிக்குள் முடிக்க வேண்டும்.

கணக்கைப் படித்ததும், படகைப் ‘போட்டு’ என்றே சொல்லும் ராமேஸ்வரத்து மாணவர் ஒருவர், “ரெண்டு லட்சம் போட்டு எந்தத் துறையில மேடம் நிக்குது?” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. கணக்குக்காகக் கட்டிய துறை என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்தப் பெண்ணின் மின்னஞ்சலில் பொருள் இருந்தது: “சிறிய மாதிரியில் சரியாக வருகிறது, பெரிய டெஸ்ட்டில் நேரம் முடிந்துவிடுகிறது, ஏன்?” உள்ளே கோடு எழுத்தாகவே இருந்தது, படமாக இல்லை. அதற்குக் கீழே அவர் எழுதியிருந்ததை நான் பிறகு பலமுறை படித்ததால் ஏறக்குறைய மனப்பாடமாகிவிட்டது.

“மேடம், வந்த எண்களை ஒரு லிஸ்ட்டில் சேர்த்துக்கொண்டே போகிறேன். புதிய எண் வந்தால், அது லிஸ்ட்டில் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இல்லாவிட்டால் மட்டும் சேர்க்கிறேன். மாதிரியில் விடை சரி. ஏழு டெஸ்ட் வரை பாஸ். எட்டாவதில் நேரம் முடிந்துவிட்டது என்று வருகிறது. முதலில் சர்வர்தான் மெதுவாக இருக்கிறது என்று நினைத்துக் கொஞ்சம் திட்டினேன். மறுநாள் காலையில், யாரும் பயன்படுத்தாத நேரத்தில் திரும்பப் போட்டேன். அதே எட்டாவதில்தான் நின்றது. அதனால் சர்வர் மேல் தப்பில்லை என்று நினைக்கிறேன்.

“பிறகு நானே ஒன்றுக்கொன்று வேறான எண்களை உண்டாக்கி வீட்டு லேப்டாப்பில் ஓடவிட்டேன். பத்தாயிரம் எண்ணுக்கு ஒரு விநாடிக்கு மேல் ஆனது. இருபதாயிரத்துக்கு இரண்டு விநாடி ஆகும் என்று எதிர்பார்த்தேன். நாலரை ஆனது. நாற்பதாயிரத்துக்குப் பதினெட்டு. எண்களை இரண்டு மடங்காக்கினால் நேரம் நாலு மடங்காகிறது. இப்படியே போனால் இரண்டு லட்சத்துக்கு ஏழெட்டு நிமிடம் ஆகும், இரண்டு விநாடியில் முடியவே முடியாது என்பது புரிகிறது. புரியாதது இதுதான்: ஆறாவது டெஸ்ட்டிலும் இரண்டு லட்சம் எண்கள்தான் என்று போட்டிருக்கிறீர்கள். அது எப்படிப் பாஸ் ஆனது? விடை வேண்டாம். எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.”

இடைவேளையில், துறை அறையில் டீ குடித்துக்கொண்டே இதைப் படித்தேன். டீயை மேசையில் வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன். வேலையில் இருக்கும் மென்பொருள்காரர்களே இப்படி எழுதிக் கேட்பது அபூர்வம். என்ன நினைத்தார், அதை எப்படிச் சோதித்தார், எதை விலக்கினார், எது பாக்கி நிற்கிறது என்று எல்லாம் அதில் இருந்தது. அதிலும் அந்த ஆறாவது டெஸ்ட் கேள்வி. அந்த டெஸ்ட்டுகளைச் செய்தவள் நான். ஆறாவதும் எட்டாவதும் ஒரே அளவில் இருப்பதை வைத்து யாராவது கேள்வி கேட்பார்கள் என்று எனக்கே தோன்றியிருக்கவில்லை.

அவர் கேட்டபடியே விடையைச் சொல்லாமல் எழுதினேன்: “லிஸ்ட்டில் இருக்கிறதா என்று கேட்கும் அந்த ஒரு வரியைப் பாருங்கள். நமக்கு அது ஒரு வரி. கணினிக்கு அது எத்தனை வேலை? லிஸ்ட்டில் யார் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து அந்த வேலை கூடுமா, குறையுமா?”

பதில் வரவில்லை. சனிக்கிழமை ஆய்வகத்தில்தான் பார்த்தேன். கணினி முன்னால் உட்கார்ந்து, பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் மெல்லிய குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழப் போனார். உட்காரச் சொல்லி, நானும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

“என்ன ஆச்சு?” என்று கேட்டேன்.

“ஆறாவதுக்கு விடை கிடைச்சிருச்சு மேடம். ஆனா அதைவிடப் பெரிய வம்புல மாட்டிக்கிட்டேன்.”

“முதல்ல ஆறாவதைச் சொல்லுங்க.”

“லிஸ்ட்டுல இருக்கான்னு கேட்டா, அது முதல் ஆள்லயிருந்து ஒவ்வொருத்தரா நீயா, நீயான்னு கேட்டுக்கிட்டே போகுது. இல்லாத ஆளுன்னா கடைசி வரைக்கும் போய்ப் பாத்துட்டுத்தான் இல்லைன்னு சொல்லும். நா புது நம்பரை மட்டுந்தான் லிஸ்ட்டுல சேக்குறேன். ஆறாவதுல அதே கொஞ்சம் போட்டுகளே திரும்பத் திரும்ப வந்திருக்கும். ரெண்டு லட்சம் தடவை கேட்டாலும் வரிசை குட்டையாவே நிக்கும். எட்டாவதுல ஒரு நம்பர்கூட திரும்ப வந்திருக்காது. வரிசை நீண்டுக்கிட்டே போயிருக்கும். சரிதானா மேடம்?”

பக்கத்திலிருக்கும் கடற்படை விமானத் தளத்திலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று அப்போது தலைக்கு மேலே போனது. அந்தச் சத்தம் அடங்கும் வரை நாங்கள் யாரும் பேசுவதில்லை. இங்கே அது பழக்கம். அந்த இடைவெளி எனக்கு உதவியாக இருந்தது. என் சர்வருக்குள் பூட்டி வைத்திருந்த டெஸ்ட்டில் என்ன இருக்கிறது என்பதை, அதைப் பார்க்காமலே, நேரம் முடிந்ததையும் முடியாததையும் மட்டும் வைத்துச் சொல்லிவிட்டார். ஆறாவதில் நான் வைத்திருந்தது சில நூறு படகுகள்தான். எட்டாவதில் இரண்டு லட்சமும் வேறு வேறு.

“அப்படியே சரி,” என்றேன். “வம்பு என்ன?”

பக்கத்து இருக்கைப் பெண் முந்திக்கொண்டாள். வகுப்பிலேயே வேகமாகக் கோடு எழுதுகிறவள் அவள். “நாந்தான் மேடம் லிஸ்ட் வேணாம், செட் போடுங்கக்கான்னு சொன்னேன். எனக்கு செட்லதான் பாஸ் ஆச்சு. அக்காவுக்குப் போட்டா, முன்னாடி பாஸ் ஆன ஆறாவதும் போயிருச்சு.”

“செட் வேகம்னு சொல்றா. எனக்கு லிஸ்ட்டைவிட மெதுவாப் போகுது,” என்றார் அவர். குரலில் குறை சொல்லும் தொனி இல்லை. வினோதமான மீன் ஒன்று வலையில் ஏறியதைக் காட்டுவதுபோல் திரையைக் காட்டினார்.

பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. எண்களை லிஸ்ட்டிலேயே சேர்த்துக்கொண்டிருந்தார். தேடும் வரியில் மட்டும், அந்த லிஸ்ட்டைச் செட்டாக மாற்றி அதில் இருக்கிறதா என்று கேட்டிருந்தார். கோடு எழுதப் பழகுபவர்கள் பலரும் விழும் குழி இது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கையை லேசாக உயர்த்தினார்.

“கொஞ்சம் இருங்க மேடம். செட்டுன்னா என்னன்னு இவ சொன்னதை வெச்சு யோசிச்சிக்கிட்டு இருக்கேன். தபால் ஆபீஸ்ல தெருவுக்கு ஒரு அறைன்னு பிரிச்சுப் போட்டிருப்பாங்கள்ல, அது மாதிரி. ஒரு கடிதம் இருக்கான்னு கேட்டா மூட்டை முழுசும் தேட வேணாம். அந்தத் தெரு அறையை மட்டும் பாத்தாப் போதும். அப்படித்தானே?”

“அப்படித்தான்.”

திரையில் அந்தத் தேடும் வரியின் மேல் விரலை வைத்தார். பிறகு மெல்லச் சிரித்தார்.

“நா ஒவ்வொரு தடவை கேக்கும்போதும் மூட்டையைக் கொட்டி, எல்லாக் கடிதத்தையும் அறை அறையாப் பிரிச்சு, ஒரே ஒரு தடவை பாத்துட்டு, அத்தனையையும் தூக்கிப் போட்டுடறேன். அடுத்த நம்பருக்கு மறுபடி முதல்லயிருந்து பிரிக்கிறேன். லிஸ்ட்டாவது பாதியில ஆளைக் கண்டுபிடிச்சா நின்னுரும். இது முழுசும் பிரிச்சாத்தான் நிக்கும்.”

பக்கத்துப் பெண் எட்டிப் பார்த்து, “அட, ஆமாக்கா,” என்றாள்.

அவர் லிஸ்ட்டையே எடுத்துவிட்டார். எண்களை ஒவ்வொன்றாக எடுக்கும் லூப்புக்கு வெளியே, மேலே, காலியான ஒரு செட்டை ஒரே ஒரு முறை உண்டாக்கினார். புதிய எண்ணை நேராக அதிலேயே சேர்த்தார். அனுப்பினார். பத்து டெஸ்ட்டும் பச்சையாக வந்தன. எட்டாவது ஒரு விநாடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, பத்தாயிரம், இருபதாயிரம், நாற்பதாயிரத்துக்குப் புதிய கோடு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளக்க ஆரம்பித்தார். பாஸ் ஆன பிறகும் அளந்த ஒரே ஆள் அவர். எண்கள் இரண்டு மடங்கானால் நேரமும் ஏறக்குறைய இரண்டு மடங்குதான் ஆகிறது என்று எழுதிக்கொண்ட பிறகே எழுந்தார்.

அவருடைய மின்னஞ்சலை வகுப்புக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒரு சந்தேகத்தை எப்படிக் கேட்பது என்பதை நான் ஒரு மணி நேரம் பேசினாலும் அவ்வளவு நன்றாகச் சொல்ல முடியாது. வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அனுமதி கேட்டேன்.

“பேரை எடுத்துட்டுக் காட்டுங்க மேடம்,” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா நா சர்வரைத் திட்டுன வரியை எடுத்துராதீங்க,” என்றார்.

“ஏன், அதை எடுத்தா இன்னும் கச்சிதமா இருக்குமே?”

“எல்லாரும் முதல்ல அதைத்தான் நினைப்பாங்க. அவங்க நினைச்சதையே நானும் நினைச்சேன்னு தெரிஞ்சாத்தான் மிச்சத்தைப் படிப்பாங்க.”

மண்டபம் பஸ் வந்தது. ஏறிக்கொண்டார். பாடம் நடத்துவது எப்படி என்று எனக்குப் பயிற்சி வகுப்புகளில் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். இவர் பஸ் படியில் கால் வைக்கும் முன் சொன்னதை அங்கே யாரும் சொன்னதில்லை.

அடுத்த வாரம், சர்வரைத் திட்டிய வரியோடு, அந்த மின்னஞ்சலைத் திரையில் போட்டுக் காட்டினேன். அந்த வரியில்தான் முதல் சிரிப்பு எழுந்தது. அதற்குப் பிறகு யாரும் ஃபோனைத் தொடவில்லை. முதல் பெஞ்சில் அவர், வேறு யாரோ எழுதியதைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, கடைசி வரி வரை படித்தார்.

அன்றைய வகுப்பில், செட்டின் உள்ளே நடப்பதைச் சொன்னேன். ஒவ்வொரு எண்ணுக்கும் பைத்தான் ஒரு குறியீட்டு எண்ணைக் கணக்கிடும். அதற்கு ஹாஷ் என்று பெயர். அதை வைத்துத்தான் எந்த அறை என்று முடிவாகிறது. இரண்டு எண்கள் ஒரே அறைக்கு வந்து மோதினால் அடுத்தடுத்து வேறு அறைகளைப் பார்த்துக்கொண்டு போகும். மோதல் குறைவாக இருக்கும் வரை வேகத்துக்குக் குறைவில்லை.

அவர் கை உயர்த்தினார். வகுப்பில் அவர் கை உயர்த்திப் பார்த்தது அதுதான் முதல் முறை.

“எல்லாக் கடிதமும் ஒரே தெருவுக்கு வந்தா மேடம்?”

“அப்போ செட்டும் லிஸ்ட் மாதிரிதான் ஆயிரும். ஆனா சாதாரணமா அப்படி வராது,” என்றேன்.

“சாதாரணமா வராது,” என்று திருப்பிச் சொன்னார். அவர் அதைச் சொன்ன விதத்திலேயே இந்த விஷயம் இத்தோடு முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

சில நாட்கள் கழித்து அடுத்த மின்னஞ்சல். பொருள்: “செட்டை மெதுவாக்கிவிட்டேன்.”

பைத்தானையே கேட்டுப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு எண்ணுக்கும் அதன் ஹாஷ் என்ன என்று அச்சிடச் சொன்னால், சிறிய எண்களுக்கு அதே எண்தான் திரும்ப வருகிறது. எங்கேயாவது இது மாற வேண்டுமே என்று ஒன்றிலிருந்து தொடங்கி இரண்டு மடங்கு, இரண்டு மடங்கு என்று ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். நெடுந்தூரம் அதே எண். இரண்டின் அறுபத்தொன்றாம் அடுக்கில் திடீரென்று ஒன்று என்று வந்திருக்கிறது. அப்படியானால் அதற்கு ஒன்று குறைந்த எண்ணுக்குப் பூஜ்யம் வர வேண்டும் என்று நினைத்துப் போட்டிருக்கிறார். வந்தது. அதன் இரண்டு மடங்குக்கும் பூஜ்யம். மூன்று மடங்குக்கும் பூஜ்யம்.

“எல்லாக் கடிதத்துக்கும் ஒரே தெரு கிடைத்துவிட்டது மேடம்,” என்று எழுதியிருந்தார். “அந்த எண்ணின் மடங்குகளாகவே இருபதாயிரம் எண்களை நம் கணக்குக்குக் கொடுத்தேன். செட் போட்ட கோடும் இழுத்துக்கொண்டே போனது. நாற்பதாயிரம் கொடுத்தால் பழையபடி நாலு மடங்கு நேரம். இப்போதுதான், படகு எண் நூறு கோடிக்கு மேல் போகாது என்று கணக்கில் நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தது கண்ணில் பட்டது. அந்த வரம்புக்குள் இந்த எண்கள் வராது. அதனால் நம் டெஸ்ட்டில் இந்த எண்களால் செட்டுக்குப் பயமில்லை. வரம்பை எதற்கு எழுதுகிறார்கள் என்று இதுவரை நான் யோசித்ததில்லை.”

துறை அறைக் கணினியில் அவருடைய எண்களைப் போட்டு ஓடவிட்டேன். பக்கத்து மேசையில் இருக்கும் சக ஆசிரியர், என் திரை அசையாமல் நிற்பதைப் பார்த்து, “என்ன, மாட்டிக்கிச்சா?” என்றார்.

“மாட்டல. செட் தேடுது,” என்றேன். எழுந்து வந்து கோடு முழுவதையும் படித்தார். எண்களைப் படித்தார். “இதை யாரு கண்டுபிடிச்சா?” என்றார். உலகில் இதைக் கண்டுபிடித்தவர்கள் முன்பே இருக்கிறார்கள், கோடு எழுதும் போட்டிகளில் கலந்துகொள்கிறவர்களுக்கு இது தெரியும். ஆனால் யாரும் சொல்லாமல், ஒன்றிலிருந்து இரட்டித்து இரட்டித்துப் போய்த் தானே அந்த இடத்தில் முட்டியவரை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். எங்கள் சனிக்கிழமை வகுப்பில் படிப்பவர் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் எனக்குப் பெரிய பங்கில்லை என்பதும் தெரிந்தது.

அடுத்த பருவத்துக்குக் கணக்குகள் தயாரிக்கும்போது, டெஸ்ட்டுகளை அவரைச் செய்யச் சொன்னேன்.

“நானா மேடம்? நா இன்னும் பரிட்சையே எழுதல.”

“பரிட்சைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. எந்தக் கோடு எங்க நிக்கும்னு உங்களுக்குத் தெரியுது. அது போதும்.”

“வீட்டுக்காரர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்,” என்றார். மறுநாளே ஃபோன் செய்தார். “சரின்னுட்டாரு. ‘யாரையும் ரொம்பக் கஷ்டப்படுத்திராத’ன்னு மட்டும் சொன்னாரு.”

அந்த வார்த்தையை அவர் காப்பாற்றவில்லை. அவர் செய்த டெஸ்ட்டுகள் கொடுமையானவை. எண்கள் அத்தனையும் ஒன்றாக இருப்பது ஒன்று, அத்தனையும் வேறாக இருப்பது ஒன்று, ஏறுவரிசை, இறங்குவரிசை, தேடும் எண் எப்போதும் கடைசியில் நிற்பது என்று ஒவ்வொரு சோம்பலுக்கும் ஒரு டெஸ்ட் வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், எந்த மாதிரிக் கோடு இதில் நேரம் முடிந்து நிற்க வேண்டும், எது அப்படி நிற்கக் கூடாது என்று ஒரு வரி எழுதியிருந்தார். நான் இத்தனை வருடம் செய்த டெஸ்ட்டுகளுக்கு அப்படி எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன்.

புதிய பருவத்தின் மூன்றாவது சனிக்கிழமையோ நான்காவதோ, சேர்ந்து கொஞ்ச நாளே ஆன ஒரு பெண் ஆய்வகத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். மாதிரியில் சரி, ஒன்பதாவதில் நேரம் முடிந்துவிட்டது.

“யாரு மேடம் இந்த டெஸ்ட்டையெல்லாம் உக்காந்து செய்யுறது? இரக்கமே இல்லாத ஆளா இருப்பாங்க போல,” என்றாள்.

நான் முதல் வரிசையில் இருந்தவரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, சொல்லாதீர்கள் என்று விரலால் சைகை காட்டினார். பிறகு எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.